பாலுக்குள் ஒரு பச்சை

சந்திரமோகன் சார் சோதனைக் குழாயில் இருந்த எலுமிச்சைச் சாற்றில் நிறங்காட்டியை மூன்று சொட்டு விட்டார். சாறு சிவந்தது. அதே புட்டி, அதே மூன்று சொட்டு. அடுத்த குழாயில் இருந்த தண்ணீர் பச்சையானது. அதற்கடுத்த குழாயில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர் கருநீலமாகி, விளிம்பில் ஊதா ஓடியது. பத்தாம் வகுப்பு மொத்தமும் "ஓ..." என்று கத்தியது.

மேனகா மட்டும் கத்தவில்லை. அவள் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் முன்புவரை மூன்று குழாயிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே மாதிரி தண்ணீர்தான். பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. மூன்றும் தங்களுக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியே காட்டாமல் சும்மா நின்றுகொண்டிருந்தன. யாரோ வந்து சரியான கேள்வியைக் கேட்டதும், ஒவ்வொன்றும் தன் பெயரை நிறத்தில் சொல்லிவிட்டது.

"இந்த சார்ட்டுல ஒண்ணுல இருந்து பதினாலு வரைக்கும் இருக்குது பாருங்க," என்றார் சார். ஆய்வக அலமாரியின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த வண்ண அட்டையைக் காட்டினார். சிவப்பில் தொடங்கி ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஊதாவில் முடியும் கட்டங்கள். "ஏழு நடுநிலை. கீழ போனா அமிலம், மேல போனா காரம். ஒரு நம்பர் எறங்குனா அமிலம் பத்து மடங்கு. ரெண்டு நம்பர் எறங்குனா நூறு மடங்கு. ஏதோ ஒரு படி கீழன்னு நெனச்சுடாதீங்க."

பள்ளியில் அந்த அட்டை ஒன்றுதான் இருந்தது. உரித்தால் கிழிந்துவிடும். அதனால் சார் தன் செல்போனில் அதைப் படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவில் இருந்தவை எல்லாம் பெற்றோரின் எண்கள். பிறகு கழுவிக் காயவைத்த கண் சொட்டு மருந்துப் புட்டிகளில் நிறங்காட்டியை ஊற்றி, இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தார். வீட்டில் இருக்கிற திரவங்களைச் சோதித்து, படத்தோடு ஒப்பிட்டு, திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

"சோதிச்சதை எவளும் வாயில வைக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, இதுல சாராயம் இருக்குது, பத்திக்கும். கக்கூஸ் ஆசிட்டைத் தொட்டீங்க, தோலை உரிச்சுருவேன்."

"சார், பாலைச் சோதிக்கலாமா சார்?" என்று கேட்டாள் மேனகாவின் பக்கத்தில் இருந்த சுசித்ரா. அவள் வீட்டில் மாடு இருந்தது. பால் விற்கிற வீட்டுப் பெண்.

"பேஷா. நல்ல பால் ஆறரையில இருந்து ஆறே முக்காலுக்குள்ள நிக்கும். புளிச்சா எறங்கும். புளிப்பை மறைக்க எவனாவது சோடாவைக் கலந்தான்னா ஏழைத் தாண்டி மேல ஏறும்."

சுசித்ரா அதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்கம்மாகிட்ட சொன்னா வெளக்குமாறு வரும் சார்."

ஜோடிப் புட்டி மேனகாவின் பைக்குள் போனது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோளக்காட்டில் வேலை இருக்கிறது, நீயே செய்து வை என்று சுசித்ரா சொல்லிவிட்டாள். இருவர் வீடும் ஒரே தெருவில்தான், காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போய் இறங்குகிற ஊரில்.

சனிக்கிழமை சாயங்காலம் மேனகா வீட்டுச் சமையல்கட்டு மேடையில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தாள். பின்னால் ஒரு வெள்ளைத் தட்டைச் சாய்த்து நிறுத்தினாள். அம்மா சுகுணாவின் செல்போனைத் தட்டின்மேல் சாய்த்து, சார் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வைத்தாள். சுகுணா முன்னறையில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, டம்ளரு எல்லாத்தையும் சாயப்பட்டறை ஆக்குறியே, நாளைக்கு விருந்தாளி வந்தா எதுல ஊத்திக் குடுக்குறது?"

"கழுவி வச்சுர்றேம்மா."

"கழுவுனா போவுமா அது?"

"போவும்மா. நீ தையி."

எலுமிச்சை சிவந்தது. மோரின் மேல் தெளிந்து நின்ற தண்ணீர் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நின்றது. புளித்தண்ணி தன் பழுப்பில் நிறத்தை மறைத்துக்கொண்டது. அதை நல்ல தண்ணீர் விட்டு வெளுக்கவைத்துச் சொட்டு விட்டபோது, உள்ளே இருந்து ஒரு செம்மை கிளம்பி வந்தது. சோப்புத் தண்ணீர் நீலமானது. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர், அந்த வரிசையிலேயே அடர்த்தியான ஊதா.

பிளீச்சிங் பவுடர் தண்ணீர்தான் அவளைக் கட்டிப்போட்டது. சொட்டு விழுந்ததும் நீலமாகச் சுருண்டது. அவள் எண்ணைப் பார்க்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது நீலம் இல்லை. வெளுத்து, கரைந்து, ஒன்றுமே நடக்காதது போல் டம்ளர் தெளிந்து கிடந்தது. இன்னொரு சொட்டு விட்டாள். நீலம் வந்தது, போனது. துணியின் கறையைத் தின்கிற மருந்து, கேள்வி கேட்டவனையே தின்றுவிட்டது. இத்தனை நாளும் இந்த அலமாரியில், இந்த டப்பாக்களுக்குள்தான் இதெல்லாம் இருந்திருக்கிறது.

போர் தண்ணீரைச் சோதித்தாள். அழகான பச்சை. படத்தில் அந்தப் பச்சைக்கு நேராக இருந்த எண் எட்டைத் தாண்டி ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அம்மா, நம்ம தண்ணி ஒம்பது காட்டுது. ஏழுக்குக் கிட்ட இல்ல வரணும்?"

"குடத்துல வெள்ளை வெள்ளையாப் படியுதே, அந்தத் தண்ணிக்கு ஒம்பது என்ன, பத்துகூட வரும்," என்றாள் சுகுணா மிஷினை நிறுத்தாமல்.

அது சரியாகத்தான் பட்டது. மேனகா ஒன்பது என்று எழுதினாள்.

கடைசியாகப் பால். சுசித்ராவின் அம்மா பழனியம்மாள் சற்று முன்புதான் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. பாலில் சொட்டுகள் பளிச்சென்று பரவவில்லை. வெள்ளைக்குள் மெல்ல ஊறி, இளம் மாவிலையைப் பாலில் அரைத்துக் கலக்கியது போல ஒரு வெளிர் நிறம் வந்தது. மேனகா டம்ளரைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஆறின் கட்டம் இல்லை. ஏழும் இல்லை. எட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் நிறம் அதோடு போய் ஒட்டிக்கொண்டது.

வேறு டம்ளரில் புதிதாக ஊற்றிப் பார்த்தாள். எட்டு.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" சுகுணா வாசலில் நின்றாள்.

"பால் எட்டு காட்டுதும்மா." யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திவிட்டது. "சோடா கலந்தாத்தான் ஏழுக்கு மேல போவும்னு சார் சொன்னாரு."

சுகுணா கையில் இருந்த கத்தரியை மேடையில் வைத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் மேனகா, "இல்லம்மா, நான் தப்பாப் பாத்திருப்பேன்," என்றாள். அதற்குள் தாமதமாகிவிட்டது.

மறுநாள் காலையில் பால் சொசைட்டி வாசலில் கேன்களோடு ஆட்கள் நின்றார்கள். ஊர்ப் பாலெல்லாம் அங்கேதான் சேரும். டெஸ்டர் சின்னராஜ் ஒவ்வொருவர் பாலிலும் ஒரு கரண்டி எடுத்து மிஷினில் விட்டுக்கொண்டிருந்தார். பழனியம்மாள் கேனை இறக்கி வைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அம்மா, வேணாம், வூட்டுக்கு வா," என்று மேனகா பின்னாலேயே ஓடி வந்தாள். சுகுணா கேட்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. பாலுல சோடா போடுறீங்களா?"

பழனியம்மாளுக்கு முதலில் அது புரியவே இல்லை. "எதுல?" என்றாள்.

"பாலுல. எம்பொண்ணு பள்ளிக்கூடத்து மருந்தை விட்டுப் பாத்தா. எட்டு காட்டுது. சார்ட்டு போட்டோவோட வச்சுப் பாத்துருக்கா."

எல்லோர் கண்களும் மேனகாவின் மேல் திரும்பின. பழனியம்மாளும் பார்த்தாள். திட்டுவாள் என்று மேனகா நினைத்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பல வருஷமாகத் தன் கையால் ஊற்றிய பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளையை முதல் தடவையாகப் பார்ப்பது போல் இருந்தது.

சின்னராஜ் கழுத்தைச் சொறிந்தார். "என் மிஷின்ல கொழுப்பு சரியாத்தான் வருது. சோடா இதுல தெரியாது. ஆனா காதுல விழுந்துட்டப்புறம் நான் எப்பிடிக்கா ஊத்துறது? ஒரு கேன்ல இருந்தாலும் டேங்கு மொத்தமும் திரும்பி வந்துரும். சோதிக்கிற வரைக்கும் ஒதுக்கி வச்சுக்கறேன்."

"ஒதுக்காத. குடு." பழனியம்மாள் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கூட்டம் வழி விட்டது. நடக்கும்போது பால் தளும்பி அவள் புடவையில் வழிந்தது.

சுசித்ரா வந்தபோது சூரியன் நன்றாக மேலே ஏறியிருந்தது. காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், காலில் மண் காயவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"எங்கம்மா சோடா போடுறாங்களா? நீ பாத்தியா?"

"சுசி, உள்ள வா."

"வரல. எதை வச்சுச் சொன்ன, அதைக் காட்டு."

மேனகா அம்மாவின் போனை எடுத்து வந்து படத்தைத் திறந்தாள். விடியும் முன் பழனியம்மாள் ஊற்றிவிட்டுப் போன பால் கொஞ்சம் மீதம் இருந்தது. அதில் சொட்டு விட்டு, திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். எட்டு. இப்போதும் எட்டு.

சுசித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, "இது சார் அனுப்புனதே இல்ல," என்றாள்.

"அதேதான்டி."

"இல்ல. அது இப்பிடி இல்ல." இடுப்பில் செருகியிருந்த தன் அம்மாவின் போனை எடுத்தாள். அதே குழு, அதே படம். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்கள்.

மேனகா இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே படம். மூலையில் ஒரே விரல் ரேகை அழுக்கு. ஆனால் ஒன்றில் ஏழு பச்சை, இன்னொன்றில் ஏழு மஞ்சள் கலந்த பச்சை. ஒன்றில் ஒன்பது நீலம், இன்னொன்றில் ஒன்பது பச்சைக்குள் நீலம். இரண்டு ஊர்களில் விடிந்த ஒரே காலை போல இரண்டும் அவர்கள் கையில் இருந்தன. எந்தத் திரை பொய் சொல்கிறது? பொய் சொல்கிற திரைக்குத் தான் பொய் சொல்வது தெரியுமா?

"எது நெசம்?" என்றாள் சுசித்ரா. கோபம் குரலிலிருந்து வழுக்கி விழுந்திருந்தது.

மேனகா கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தாள். "சார்ட்டோட ஓரம் என்ன கலரு?"

"வெள்ளை. ஆய்வகத்துல பாத்தமே."

"உன்னுதுல வெள்ளை. என்னுதுல பாரு, பழைய மோர்க்குழம்பு கலரு."

பின்னால் வந்து நின்ற சுகுணா மெதுவாகச் சொன்னாள். "அது... கண்ணுல தண்ணி வடியுதுன்னு செல்போன் கடையில குடுத்தப்ப, கூசாம இருக்க என்னமோ வச்சுக் குடுத்தான். அப்ப இருந்து அப்பிடித்தான் இருக்குது. எனக்கு அதான் நல்லா இருக்குது."

மேனகா அமைப்புகளுக்குள் தேடினாள். கண் பாதுகாப்பு என்று ஒரு பொத்தான். அணைத்தாள். திரையிலிருந்து மஞ்சள் வடிந்தது, ஜன்னல் திரைச்சீலையை விலக்கியது போல. கட்டங்கள் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தன. ஒன்பது நீலமானது, ஏழு பச்சையானது, ஆறு மஞ்சளானது. அவள் வீட்டில் அந்தப் போனில் அவள் பார்த்த எத்தனை முகங்கள், எத்தனை பூக்கள், எல்லாமே இந்த மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்திருக்கின்றன. அவளுக்கு ஒரு நாளும் தெரியவில்லை.

பால் டம்ளரை மறுபடி பிடித்தாள். இப்போது எட்டு எங்கேயோ தள்ளி நின்றது. பால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வந்திருந்தது.

"பாத்தியா!" சுசித்ரா அழுதுவிட்டாள். "பாத்தியா? இப்பவே சொசைட்டிக்கு வா. வந்து சொல்லு."

"சொல்றேன்." மேனகா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. நடுவில்தான் வந்திருந்தது, ஆனால் சரி நடுவில் இல்லை. ஏழின் பக்கம் சாய்ந்திருந்தது. ஏழின் வாசலில் நின்றது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். சுசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடத் தொடங்கியிருந்தாள்.

"சுசி, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"என்ன?"

"ஆறரைன்னு சொல்ல முடியல. ஏழுகிட்ட இருக்குது. சார் டியூப் லைட்டுல எடுத்த படம், அதுவும் கொஞ்சம் மாறியிருக்கும். எனக்குத் தெரியல. படத்தை வச்சு ஒரு தடவை சொல்லிட்டேன், இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

"அப்ப எதை வச்சுச் சொல்லுவ?"

மேனகா அம்மாவின் போன் திரையை அணைத்தாள். பிறகு, "படமே வேணாம்," என்றாள். "பாலுக்குப் பக்கத்துல பாலை வச்சுப் பாக்கலாம். ஊருல எல்லார் பாலும். ஒரே வெளிச்சத்துல."

சாயங்காலம் வெயில் சாயும் முன்பே சொசைட்டி வாசலில் சின்னராஜ் ஒரு வெள்ளைத் துணி விரித்த மேசையைப் போட்டார். மேனகா எல்லார் முன்னாலும், "தப்பு என்னுதுங்க. போன் திரை மஞ்சளா இருந்துச்சு. எட்டு இல்லைங்க," என்றாள். ஒரு பெரியவர், "போன் மஞ்சளா, மூளை மஞ்சளா?" என்றார். சிலர் சிரித்தார்கள். பழனியம்மாள் சிரிக்கவில்லை. அவள் சாயங்காலப் பாலோடு வந்து ஓரமாக நின்றிருந்தாள்.

சின்னராஜ் ஐந்தாறு பேர் பாலை ஒரே அளவு பிளாஸ்டிக் கப்புகளில் ஊற்றினார். பழனியம்மாள் பாலும் அதில் ஒன்று. மேனகா ஒவ்வொன்றிலும் சொட்டுகளை எண்ணி விட்டு, குச்சியால் கலக்கினாள். வெள்ளைக்குள் நிறம் ஊறிக்கொண்டிருந்தபோது எல்லோரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள்.

கப்புகள் எல்லாம் இளமஞ்சளில் லேசான பச்சை தெளித்த நிறத்துக்கு வந்தன. ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மற்றவற்றைவிட ஒரு நூல் பச்சை. தனியாக வைத்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் வைத்ததால், குழந்தைக்குக்கூடத் தெரிந்தது.

அது பழனியம்மாளுடையது. சுசித்ராவின் கை மேனகாவின் முழங்கையிலிருந்து நழுவியது.

"அப்ப இருக்குதா, இல்லியா?" என்றார் சின்னராஜ், சங்கடமாக.

பழனியம்மாள் முன்னால் வந்து கப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்து காலிக் கப்புகளை அள்ளினாள்.

"வாங்க. எல்லாரும் வாங்க. கன்னுக்குன்னு மடியில கொஞ்சம் பால் விட்டு வச்சிருக்கேன். உங்க கண்ணு முன்னால கறக்குறேன். நேரா கப்புல. நடுவுல எங்கையில என்ன இருக்குதுன்னு பாத்துக்கங்க."

"அக்கா, இவ்வளவு எதுக்குக்கா..."

"வா சின்னராசு. நீதானே டெஸ்டரு."

அவள் வீட்டுக் கொட்டகையில் கறவையில் இருந்தது ஒரே ஒரு செவலை மாடு. இன்னொன்று பால் வற்றி, தள்ளி நின்று வைக்கோல் மென்றது. பழனியம்மாள் கைகளைக் கழுவி எல்லோருக்கும் காட்டினாள். மடியைக் கழுவித் துணியால் துடைத்தாள். நான்கு காம்புக்கும் நான்கு கப்பு. ஒவ்வொன்றிலும் முதல் பீச்சலைத் தரையில் விட்டுவிட்டு, அடுத்ததைக் கப்பில் விட்டாள். பால் பிளாஸ்டிக்கில் பட்டுச் சீறும் சத்தம் மட்டும் கேட்டது. மேனகா கப்புகளைக் கொட்டகைக்கு வெளியே, வெயிலில், கல்லின்மேல் வெள்ளைத் துண்டை விரித்து வரிசையாக வைத்தாள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று கரித்துண்டால் கல்லிலேயே எழுதிக்கொண்டாள்.

சொட்டுகளை விட்டாள்.

முன் இரண்டும் இளமஞ்சள். ஊரார் பாலைப் போலவே. பின் இடது கொஞ்சம் பச்சை. பின் வலது, அவள் கண் முன்னாலேயே, முளைவிட்ட நெல்லின் பச்சைக்கு மாறி அங்கேயே நின்றது.

எல்லோரும் குனிந்தார்கள். ஒரே மாடு. ஒரே மடி. ஒரே தீனி, ஒரே தண்ணீர். ஒரு கை அகலத்துக்குள் இரண்டு விதமான பால்.

"மாடே சோடா கலக்குதோ?" என்றார் சின்னராஜ். அவருக்கே தன் நகைச்சுவை பிடிக்கவில்லை. உட்கார்ந்து பின் காம்பைப் பிடித்துப் பார்த்தார். "வீக்கம் இல்லியே. சூடும் இல்ல. பால் திரி திரியா வருதாக்கா?"

"வந்தா நான் ஊத்துவனா? பால் பாலாத்தான் இருக்குது. ஒதைக்கக்கூட இல்ல." பழனியம்மாளின் குரல் இறங்கிவிட்டது. மாட்டின் முதுகில் கை வைத்தாள். "என்னடி உனக்கு?"

சின்னராஜ் எழுந்து போனை எடுத்தார். "கால்நடை டாக்டருக்குப் போடுறேன். மடிநோய் ஆரம்பமாத்தான் இருக்கணும். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி."

மறுநாள் காலையில் ஆரோக்கியராஜ் டாக்டர் பைக்கில் வந்தார். அவர் தன் தட்டில் நான்கு காம்புப் பாலையும் விட்டு, ஏதோ சோப்புத் திரவத்தைக் கலந்து சுழற்றினார். பின் வலது காம்புப் பால் ஜவ்வரிசிக் கஞ்சி போல் திரண்டது. பின் இடது லேசாக. பள்ளிக்குக் கிளம்பிய சீருடையோடு இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோய் உள்ள இருக்குது, வெளிய இன்னும் காட்டல," என்றார் டாக்டர். "நல்ல வேளை. விட்டிருந்தா அந்தக் காம்பே போயிருக்கும். யாரு கண்டுபிடிச்சது?"

பழனியம்மாள் தாடையால் மேனகாவைக் காட்டினாள். "அது கண்டுபிடிச்சது வேற. வந்து நின்ன எடம் இது."

மேனகாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன் சார் பச்சையாச்சு? அதுல காரம் எங்கிருந்து வந்துச்சு?"

"ரத்தத்துல இருந்து. ரத்தம் ஏழு புள்ளி நாலு. பால் அதுல இருந்துதான் மடிக்குள்ள உண்டாகுது, ஆனா ஆறே முக்காலுக்குக் கீழ. நடுவுல ஒரு சுவரு இருக்குது, அதான் ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்குது. கிருமி அந்தச் சுவத்தைப் புண்ணாக்குனா, ரத்தத்துல இருக்கிற உப்பெல்லாம் பாலுக்குள்ள கசியும். கலர் மாறுறது அதனால."

மேனகா மாட்டைப் பார்த்தாள். அது வைக்கோலை மென்றபடி அவளைப் பார்த்தது. அந்தப் பெரிய வயிற்றுக்குக் கீழே, தோலுக்குப் பின்னால், சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் கண்ணால் பார்க்க முடியாத மெல்லிய சுவர் ஒன்று ராப்பகலாக நின்றுகொண்டிருக்கிறது. அதில் எங்கோ ஒரு கீறல். அந்தக் கீறலின் நிறம்தான் கல்லின்மேல் வைத்த கப்பில் தெரிந்தது. சோளக்காடும் மலையும் பஸ்ஸும் சொசைட்டியும் இருக்கிற இதே உலகத்துக்குள் இன்னும் எத்தனை சுவர்கள் இப்படிச் சத்தமில்லாமல் நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டே நின்றாள்.

டாக்டர் பின் காம்புகளுக்குள் மருந்துக் குழாயைச் செலுத்தினார். மருந்து நிற்கும் வரையும், அதற்குப் பிறகு அவர் சொல்லும் வரையும், அந்த மாட்டின் பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார்.

சுகுணா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரத் துணியவில்லை. "அண்ணி, ஏதோ வாய் தவறிப்போச்சு," என்றாள்.

"வாய் தவறல, சுகுணா. மனசுல வந்துச்சு, வாயி சொல்லிச்சு." பழனியம்மாள் திரும்பிப் பார்க்காமல் மடியைத் துடைத்தாள். துணியைப் பிழிந்துவிட்டு, "உள்ளதான் வாயேன். வேலியைப் புடிச்சுக்கிட்டு நின்னா மாடு மிரளுது," என்றாள்.

பள்ளிக்கூடத்தில் சந்திரமோகன் சார் முழுக் கதையையும் கேட்டார். "எந்தப் போன்லயும் கலரை நம்பாதீங்கன்னு நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். புட்டியை நிரப்பிக் கொடுத்தார்.

அன்று பஸ்ஸில் சுசித்ரா மேனகாவின் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆனால் தினமும் காலையில், வெயில் கொட்டகைக் கல்லில் விழுகிற நேரத்துக்கு, மேனகா வீட்டு வாசலில் வந்து, "அம்மா கூப்புடுது," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பாள். மேனகா புட்டியோடு பின்னாலேயே போவாள். நான்கு கப்பு, ஒரே அளவு சொட்டு. முதல் நாட்களில் பச்சை பச்சையாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் பின் இடது மஞ்சளுக்கு வந்தது. பின் வலது பிடிவாதம் பிடித்தது. ஒரு நாள் வெளுத்தது, மறுநாள் மறுபடி பச்சையானது. அன்றைக்குத்தான் சுசித்ரா முதல் தடவையாகத் தானாகப் பேசினாள். "சரியாயிடுமாடி?" என்றாள். மேனகா, "தெரியலடி," என்றாள். இருவரும் கல்லின் பக்கத்தில் குத்துக்கால் இட்டு, சாயம் மாறுகிறதா என்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போனது தெரியாமல் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

மருந்து நின்று, டாக்டர் சொன்ன நாளெல்லாம் கழிந்து, மறுபடி கப்புகள் கல்லில் வந்த காலையில், சின்னராஜும் சுகுணாவும்கூட அங்கே இருந்தார்கள். மேனகா சொட்டு விட்டுக் கலக்கினாள். நிறம் ஊறும் வரை காத்திருந்தார்கள்.

பழனியம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு மேனகாவையும் சுசித்ராவையும் திரும்பி நிற்கச் சொன்னாள். கப்புகளை இடம் மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்பத் திரும்புங்க. எந்தக் கப்பு எந்தக் காம்பு, சொல்லு பாப்போம்."

மேனகா மண்டியிட்டாள். முகத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெயில் நான்கு கப்புகள் வழியாகவும் ஒரே மாதிரி வந்தது. நான்கிலும் ஒரே இளமஞ்சள். கூர்ந்து பார்க்கப் பார்க்க, அவளுக்கு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"தெரியல அத்தை," என்றாள்.

"நீ?"

"எனக்கும் தெரியலம்மா," என்றாள் சுசித்ரா. அவள் தோள் மேனகாவின் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

பழனியம்மாள் நிமிர்ந்து, கொட்டகைக்குள் போய், கேனை எடுத்துக்கொண்டு வந்தாள்.